இரண்டு தடம் எதற்கு? டூரிங் இயந்திரத்தை இலக்கண விதிகளாக மாற்றும்போது எழுந்த சந்தேகம்

செவ்வந்தி, 4 ஜூலை, இரவு 9.50

டூரிங் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தால், அது ஏற்கும் சொற்களை மட்டும் உருவாக்கும் கட்டற்ற இலக்கணத்தை எழுதிவிடலாம் என்ற நிரூபணத்தை வகுப்பில் நடத்தப் போகிறேன். அந்த நிரூபணம் நாடாவின் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடமாகப் பிரிக்கிறது. மேல் தடத்தில் மூல எழுத்து மாறாமல் இருக்கும், கீழ்த் தடத்தில் இயந்திரம் வேலை செய்யும். எனக்கு இது வீண் சுமையாகத் தெரிகிறது. ஒரு தடமே போதும் என்பது என் வாதம்.

நான் எடுத்துக்கொண்ட இயந்திரம் இது. முதலில் எல்லா `a`, அப்புறம் அதே எண்ணிக்கையில் `b` உள்ள சொற்களை ஏற்கும். `B` என்பது வெற்றுக் கட்டம், `f` ஏற்கும் நிலை.

```
q0: a → X, R, q1    Y → Y, R, q3
q1: a → a, R, q1    Y → Y, R, q1    b → Y, L, q2
q2: a → a, L, q2    Y → Y, L, q2    X → X, R, q0
q3: Y → Y, R, q3    B → B, L, f
```

இலக்கணம் முதலில் ஏதோ ஒரு சொல்லை ஊகித்து எழுதட்டும். பிறகு இயந்திரத்தின் நகர்வுகளை விதிகளாக ஓட்டட்டும். `f` வந்ததும் `X` எல்லாம் `a` ஆகட்டும், `Y` எல்லாம் `b` ஆகட்டும். மூலச் சொல் திரும்பக் கிடைத்துவிடுகிறதே? கையால் `ab`, `aabb` இரண்டையும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

கிளிஞ்சல், 4 ஜூலை, இரவு 10.15

நீங்கள் சொல்வது சரிதான் என்று நினைக்கிறேன். கட்டற்ற இலக்கணம் என்றாலே இடப்பக்கம் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், வலப்பக்கமும் அப்படியே. அதனால் எந்த மொழியையும் உருவாக்கிவிடலாம். தடம் எத்தனை என்பது வசதிக்காகச் செய்யும் ஏற்பாடு.

திண்ணை, 5 ஜூலை, காலை 6.30

செவ்வந்தி, உங்கள் இயந்திரம் நல்ல பிள்ளை. `a`-வை அழித்த இடத்தில் `X`, `b`-யை அழித்த இடத்தில் `Y` என்று தனித்தனி அடையாளம் விட்டுவைத்திருக்கிறது. எல்லா இயந்திரமும் அப்படி இருக்காது. முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் இரட்டை நீளச் சொற்களுக்கு வழக்கமாக எழுதும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை நிலையில் நினைவு வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக்கும், கடைசிக்குப் போய் அதே எழுத்து இருந்தால் அதையும் வெறுமையாக்கும், திரும்ப வரும். `abba`-வைக் கொடுத்தால் முடிவில் நாடாவில் நான்கு வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

இப்போது எதை எதாக மாற்றுவீர்கள்? `B → a`, `B → b` இரண்டையும் வைத்தால் `abab` வந்துவிடும். வைக்காவிட்டால் எதுவுமே வராது. இயந்திரத்தின் வேலை ஆம் என்று சொல்வதோடு முடிந்தது. இலக்கணத்துக்கு அது போதாது, எந்தச் சொல்லுக்கு ஆம் என்றதோ அந்தச் சொல்லையே எழுதிக் காட்ட வேண்டும். மேல் தடம் இருப்பது அதற்காகத்தான்.

கிளிஞ்சல், எந்த மொழியையும் என்பது தவறு. ஓர் இலக்கணம் என்பது முடிவுள்ள விதிப் பட்டியல், ஒரு காகிதத்தில் எழுதிவிடலாம். அப்படிப்பட்ட காகிதங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். மொழிகளை அப்படி எண்ண முடியாது. ஆகவே பெரும்பாலான மொழிகளுக்கு இலக்கணமே கிடையாது. குறிப்பிட்ட ஒன்று வேண்டுமென்றால், தன் உள்ளீட்டில் ஒருபோதும் நிற்காத இயந்திரங்களின் விவரணைகளை மட்டும் கொண்ட மொழி. நிற்கும் இயந்திரங்களுக்கு இலக்கணம் உண்டு, நிற்காதவற்றுக்கு இல்லை.

செவ்வந்தி, 5 ஜூலை, மதியம் 1.20

புரிகிறது. ஆனால் ஒரு சமாதானம் தோன்றுகிறது. எந்த இயந்திரத்தையும் முதலில் நல்ல பிள்ளையாக மாற்றி எழுதிவிட்டால்? `B` எழுத வேண்டிய இடத்தில் "`a` இருந்து வெறுமையானது", "`b` இருந்து வெறுமையானது" என்று இரண்டு குறிகள் வைத்துக்கொள்ளலாம்.

(பத்து நிமிடம் கழித்து) அப்படி எல்லாக் குறிகளுக்கும் செய்தால் ஒவ்வொரு குறியும் "முதலில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது" என்ற ஜோடி ஆகிவிடுகிறது. அதுதானே இரண்டு தடம். என் முதல் பதிவின் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

செவ்வந்தி, 6 ஜூலை, இரவு 11.05

இரண்டு தடத்தோடு முழுவதும் எழுதினேன். மேலே `a`, கீழே `X` உள்ள கட்டத்தை `[a|X]` என்று எழுதுகிறேன். மேல் தடம் காலியாக இருந்தால் `_`. நிலைக்குறி, தலை வாசிக்கும் கட்டத்துக்கு உடனே இடப்பக்கம் நிற்கும். `x`, `y`, `Z` இருக்கும் இடத்தில் பொருந்தும் எல்லாக் குறிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

```
S → q0 T
T → [a|a] T,  T → [b|b] T,  T → [_|B] T,  T → ε
வலது நகர்வு:  p [x|C] → [x|D] q
இடது நகர்வு:  [y|Z] p [x|C] → q [y|Z] [x|D]
முடிவில்:  [x|Z] f → f x f,  f [x|Z] → f x f,  f → ε
```

`x` இடத்தில் `_` இருந்தால் கடைசி வரி வெறும் `f f` என்று ஆகும். புத்தகத்தில் `T`, `U` என்று இரண்டு குறி வைத்து, `T` எழுத்துகளை எழுதி முடித்தபின் `U` வெற்றுக் கட்டங்களை எழுதுவதாக இருந்தது. ஒரு குறியிலேயே முடியும் என்று சேர்த்துவிட்டேன்.

இதைப் பைத்தானில் ஓட்டி, பெறப்படும் சொற்களை அச்சிடச் சொன்னேன். `ab` வந்தது. கூடவே `abb` வந்தது. இரண்டு மணி நேரமாக இடது நகர்வு விதிகளில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிகிறதா?

மீன்கொத்தி, 7 ஜூலை, காலை 8.10

நல்ல இழை. என் பிரச்சினையையும் கேட்டுவிடுகிறேன். அலுவலகத்தில் கணக்கு விதிகளை எழுத ஒரு குட்டி மொழி செய்துகொண்டிருக்கிறேன். அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினால் அது தொடரியல் பிழை ஆக வேண்டும். சூழல் சாரா இலக்கணத்தால் இது முடியவில்லை. கட்டற்ற இலக்கணத்துக்குப் போனால் முடியும் அல்லவா? அதற்கான பார்சர் கருவி ஏதாவது உண்டா?

செவ்வந்தி, 7 ஜூலை, காலை 8.45

`abb` ஏன் வந்தது என்று பேருந்தில் வரும்போது பிடிபட்டது! இடது நகர்வில் பிழையே இல்லை. `T`-யையும் `U`-வையும் சேர்த்ததுதான் பிழை. நான் எழுதிய விதிகளால் நாடா இப்படியும் தொடங்கலாம்:

```
q0 [a|a] [b|b] [_|B] [b|b]
```

எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெற்றுக் கட்டம். இயந்திரம் `ab`-யைப் பார்க்கிறது, வெற்றுக் கட்டம் வந்ததும் சொல் முடிந்தது என்று நம்பி ஏற்றுக்கொள்கிறது. அதற்கு அப்பால் ஒரு `b` இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் `f` எல்லாக் கட்டங்களுக்கும் பரவி மேல் தடத்தை எடுக்கும்போது அந்த `b`-யும் சேர்ந்து வந்துவிடுகிறது. வெற்றுக் கட்டத்தின் மேல் தடம் ஒன்றுமில்லாமல் மறைவதால் ஓட்டையும் தெரியவில்லை. இயந்திரம் வாசித்த சொல் ஒன்று, இலக்கணம் எழுதிய சொல் வேறொன்று.

வகுப்பில் இதைத்தான் முதலில் காட்டப் போகிறேன். `T → U`, `U → [_|B] U`, `U → ε` என்று திருத்திவிட்டேன், `abb` போய்விட்டது. `ab`-க்கு முழு ஓட்டம் இது:

```
q0 [a|a] [b|b] [_|B]
[a|X] q1 [b|b] [_|B]
q2 [a|X] [b|Y] [_|B]
[a|X] q0 [b|Y] [_|B]
[a|X] [b|Y] q3 [_|B]
[a|X] f [b|Y] [_|B]
f a f [b|Y] [_|B]
f a f b f [_|B]
f a f b f f
```

பிறகு நான்கு `f`-உம் ஒவ்வொன்றாக மறைந்து `ab`. தொடக்கத்தில் 6 படி, இயந்திரத்துக்கு 5, பிரித்தெடுக்க 3, மறைய 4, ஆக 18. விதிகளையும் எண்ணினேன்: 235. அதில் 180 இடது நகர்வுகளுக்கே போகிறது, ஏனென்றால் ஓர் இடது நகர்வு பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் 45 விதியாகப் பெருகுகிறது. `S → aSb`, `S → ab` என்ற இரண்டு வரியில் முடியும் மொழிக்கு 235.

திண்ணை, 7 ஜூலை, மாலை 5.00

அருமையாகப் பிடித்தீர்கள். இந்தப் பிழையைத் தேர்வுத் தாள்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை ஓட்டிப் பார்த்துத் தவறான சொல்லையே கையில் எடுத்து வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வெற்றுக் கட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி வகுப்பில் வரும், தயாராக இருங்கள். `U` ஒரு வெற்றுக் கட்டம்கூட எழுதாமல் மறைந்துவிட்டால்? `[a|X] [b|Y] q3` என்று நிற்கும், வலப்பக்கம் வாசிக்க ஒன்றுமில்லை, எந்த விதியும் பொருந்தாது. அது பிழையே இல்லை. பெரிய எழுத்துகளோடு சிக்கி நிற்கும் தொடர் மொழியில் சேராது, அவ்வளவுதான். வேறொரு பெறுதல் போதுமான கட்டங்களை ஊகித்திருக்கும். குறைவாக ஊகித்தால் சொல் கிடைக்காது, தவறான சொல் ஒருபோதும் கிடைக்காது. உங்கள் `abb` அந்த இரண்டாவது வகைப் பிழை என்பதால்தான் அது ஆபத்தானது.

மீன்கொத்தி, உங்கள் தேவையை இலக்கணத்துக்குள் கொண்டுவரலாம். அல்கால் 68 மொழியின் வரையறை அப்படித்தான் செய்தது, வான் வைங்கார்டன் வகுத்த இரண்டடுக்கு இலக்கணத்தால். ஆனால் அந்த இலக்கணங்களும் டூரிங் இயந்திரம் செய்யும் அனைத்தையும் செய்யும் என்று 1967-இல் சின்ட்சாஃப் காட்டினார். அதாவது பொதுவான பார்சர் ஒன்று கிடைக்காது. மாறிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்றில் சரிபாருங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மீன்கொத்தி, 7 ஜூலை, மாலை 5.40

சரி, பட்டியலோடு போகிறேன். ஆனால் பொதுவான பார்சர் ஏன் கிடைக்காது என்பது புரியவில்லை. செவ்வந்தியின் நிரல் சொற்களை அச்சிடுகிறதே?

கிளிஞ்சல், 7 ஜூலை, இரவு 9.00

எனக்கும் அதே கேள்வி. அந்த இயந்திரம் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் நின்றுவிடும். அப்படியானால் இலக்கணத்தில் தேடுவதும் நின்றுவிட வேண்டும்.

செவ்வந்தி, 8 ஜூலை, காலை 7.15

நிற்காது, கிளிஞ்சல். நேற்று இரவு `aab` வருமா என்று நிரலைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கணினியின் நினைவகம் நிரம்பிக் கிடந்தது. இயந்திரம் `aab`-க்கு ஏழே அடியில் சிக்கி நின்றுவிடும். ஆனால் நிரல் `aab`-யிலிருந்து தொடங்குவதில்லையே, `S`-இலிருந்து தொடங்குகிறது. `T` எந்தச் சொல்லையும் எந்த நீளத்துக்கும் எழுதலாம். `aab`-யைத் தராத நீளமான நாடாக்கள் வரிசையில் வந்துகொண்டே இருக்கின்றன. நீளம் கூடிக்கொண்டே போனால் அந்த இடத்தில் வெட்டிவிடலாம் என்றால், கடைசியில் கட்டங்கள் மறைந்து சுருங்கலாம் என்பதால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

என் இயந்திரத்துக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அது சொல்லைத் தாண்டி ஒரு வெற்றுக் கட்டத்துக்கு மேல் போவதே இல்லை. ஆகவே மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு கட்டத்துக்கு மேற்பட்டதை எல்லாம் தூக்கிப்போடச் சொன்னேன். ஒரு நொடிக்குள் "வராது" என்றது.

திண்ணை, 8 ஜூலை, காலை 10.30

அந்த நான்கு கட்ட வரம்பில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வோர் இலக்கணத்துக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் "இவ்வளவு நீளத்துக்கு மேல் தேட வேண்டாம்" என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும் வழி இருந்திருந்தால், நிற்கும் இயந்திரங்களின் மொழிக்கும் அதைப் பயன்படுத்தி, எந்த இயந்திரம் நிற்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அது முடியாது என்று டூரிங் 1936-இலேயே காட்டிவிட்டார். ஆக அப்படியொரு பொது வரம்பு கிடையாது. மீன்கொத்திக்கு அதுதான் பதில்.

விதிகளில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்று தடை போட்டால் வரம்பு தானாக வந்துவிடும். சொல்லின் நீளமே வரம்பு. அப்போது கிடைப்பது உள்ளீட்டின் நீளத்துக்குள்ளேயே வேலை செய்யும் இயந்திரங்களின் மொழிகள். குரோடா 1964-இல் காட்டியது இது. `f → ε`-உம் `f [_|B] → f f`-உம் பார்க்கச் சாதாரணம். உண்மையில் இயந்திரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் கொடுத்து, பிறகு தடயமில்லாமல் திரும்ப வாங்குபவை அவைதான்.

இன்னொன்று, செவ்வந்தி. உங்களை அறியாமலே தேற்றத்தின் மறுபாதியையும் செய்திருக்கிறீர்கள். இயந்திரத்திலிருந்து இலக்கணம் ஒரு பாதி. இலக்கணத்திலிருந்து இயந்திரம் இன்னொரு பாதி. `S`-இல் தொடங்கி, ஒரு படியில் வருபவை, இரண்டு படியில் வருபவை என்று வரிசையாகப் பட்டியலிட்டு, கேட்ட சொல் தென்பட்டால் ஆம் என்று நிற்பதுதான் அந்த இயந்திரம். உங்கள் பைத்தான் நிரல் அதேதான்.

செவ்வந்தி, 8 ஜூலை, இரவு 10.20

இதை நான் யோசிக்கவே இல்லை. மறுபாதிக்கு நாளை தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். நிரலைத் திறந்து காட்டினாலே போதும்.

ஒரு பயம் இருக்கிறது. `T` இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் ஓடத் தொடங்கலாம், தடுக்க விதி இல்லை. `f` வந்தபிறகுகூட `T` ஓர் எழுத்தைச் சேர்க்கலாம். இன்னொரு `abb` வராதா?

திண்ணை, 9 ஜூலை, காலை 6.40

வராது. `f` வந்தபோதும் `T` மிச்சமிருக்கிறது என்றால், இயந்திரம் அதற்கு முன் எந்த வெற்றுக் கட்டத்தையும் பார்க்கவில்லை, ஏனென்றால் `T` போனபிறகுதான் `U` வரும். தான் பார்த்த எழுத்துகளை மட்டும் வைத்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் எந்த எழுத்து வந்தாலும் அதே ஓட்டம்தான் ஓடியிருக்கும், அந்த நீண்ட சொல்லையும் ஏற்றிருக்கும்.

கிளிஞ்சல், 9 ஜூலை, காலை 9.30

எனக்கு 235 உறுத்துகிறது. பின்னோக்கி ஓட்டினால் என்ன? முடிவு நிலையில் தொடங்கி, நகர்வுகளைத் தலைகீழாகப் போட்டு, தொடக்கத்துக்கு வந்து சேர்ந்தால் நாடாவில் இருப்பதே மூலச் சொல். மேல் தடம் தேவைப்படாது.

செவ்வந்தி, 9 ஜூலை, இரவு 11.40

கிளிஞ்சல், இது பிரமாதம்! எழுதிப் பார்த்துவிட்டேன். முடிவில் நாடாவில் என்ன இருக்கும் என்று தெரியாது, அதனால் அதையும் ஊகிக்கவிட்டேன். `<` `>` இரண்டும் ஓரங்கள்.

```
S → < P f P >
P → aP,  bP,  XP,  YP,  BP,  ε
வலது நகர்வுக்கு:  D q → p C
இடது நகர்வுக்கு:  q Z D → Z p C
B > → >,   < q0 → ε,   > → ε
```

`ab`-க்கு:

```
< X f Y B >
< X Y q3 B >
< X q0 Y B >
< q2 X Y B >
< X q1 b B >
< q0 a b B >
```

அப்புறம் ஓரங்கள் மறைந்து `ab`. மொத்தம் 36 விதிகள். இரண்டாவது வரியில் இன்னொரு வழியும் திறக்கிறது: `q3`, முந்தைய அடியிலும் `q3`-ஆகவே இருந்திருக்கலாம். அப்படிப் போனால் `< X q3 Y B >` வரும். `X`-ஐத் தாண்டி `q3` வந்ததாக எந்த நகர்வும் இல்லாததால் அங்கேயே நின்றுவிடும். இயந்திரம் முன்னோக்கி ஓடும்போது அடுத்த அடி ஒன்றே ஒன்று. பின்னோக்கிப் பார்த்தால் முந்தைய அடி பல இருக்கலாம். இலக்கணத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

`q0` நடுவிலும் வருகிறதே, அவசரப்பட்டு மறைந்துவிடாதா என்று முதலில் பயந்தேன். `<`-க்குப் பக்கத்தில் இருந்தால்தான் மறையும், நாடாவில் `X`, `Y` மிச்சமிருந்தால் சிக்கி நிற்கும். வெறும் `a`, `b` மட்டும் இருந்தால் அது உண்மையிலேயே ஒரு தொடக்க நிலைதான்.

திண்ணை, 10 ஜூலை, காலை 7.00

நிலைக்குறியை நாடாவின் எழுத்துகளுக்கு நடுவே ஓர் எழுத்தாகவே செருகி நகர்த்தும் உத்தியை போஸ்ட் 1947-இல் பயன்படுத்தினார், கொடுத்த விதிகளால் ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற முடியுமா என்று தூ 1914-இல் கேட்ட கேள்விக்குப் பொது வழிமுறை கிடையாது என்று காட்டுவதற்காக. சோம்ஸ்கி இலக்கணங்களை வகைப்படுத்திக் கட்டற்றவற்றை டூரிங் இயந்திரத்தோடு இணைத்தது 1959-இல்.

எனக்கு மட்டும் சொல்லுரிமை இருந்தால் வகுப்பில் முன்னோக்கிய வழியையே நடத்துவேன். 235 விதி என்றாலும் மாணவர் கண்முன் இயந்திரம் ஓடுவது தெரியும். பின்னோக்கியதில் ஏன் தவறான சொல் வராது என்பதை நம்பவைக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

செவ்வந்தி, 10 ஜூலை, மதியம் 12.50

எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது, ஐயா. பின்னோக்கியதில் ஒவ்வொரு படியும் உண்மையான ஓட்டத்தின் ஒரு படியைத் திருப்பிப் போட்டது, அதற்கு மேல் வாதமே வேண்டாம். `abb` மாதிரி பிழை நுழைய அதில் இடமும் குறைவு. இரண்டு பிரிவு மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு அதையும், மற்றதற்கு இதையும் நடத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

மீன்கொத்தி, 10 ஜூலை, மதியம் 1.30

36 விதி உள்ளதில் `B > → >` ஒன்றுதானா சுருக்குகிறது? அதை எடுத்துவிட்டால் என் குட்டி மொழிக்கு வரம்பு கிடைத்துவிடுமோ என்று பார்க்கிறேன்.

செவ்வந்தி, 10 ஜூலை, மதியம் 1.55

`P → ε`, `< q0 → ε`, `> → ε` மூன்றும் சுருக்குபவைதான், ஆனால் அவை ஒரு சொல்லுக்கு நான்கைந்து குறிகளுக்கு மேல் குறைக்காது. எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கக்கூடியது `B > → >` மட்டும்தான். அதை எடுத்தால் என் இயந்திரத்துக்கு ஒரு சொல்கூட வராது, கடைசி வெற்றுக் கட்டம் போக வழியில்லாமல் நிற்கும்.